ஆடி மாதத்து அரைவிலை

என்னுடைய அண்ணைக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. இந்த இரண்டு குணமும் ஒரு துண்டு நோட்டீசுக்காக மோதிக்கொண்ட கதையைத்தான் சொல்லப்போகிறேன். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பத்திக்கொண்டுதான் வருகிறது.

பார்க் எக்ஸ்டென்ஷன் என்று எங்கள் ஆட்கள் நிறைய இருக்கிற பகுதியில் எனக்கு ஒரு சின்ன அச்சுக்கடை. கலியாண அட்டை, சாமத்தியவீட்டு அட்டை, செத்தவீட்டு அந்திரட்டி அழைப்பு, பலசரக்குக் கடைகளின் நோட்டீஸ், எல்லாம் அடிப்பேன். அண்ணை பக்கத்து நகரமான லவாலில் ஒரு விழா மண்டபத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். பக்கத்தில் இன்னொரு பெரிய மண்டபம், தூண்தூணாகக் கண்ணாடி பதித்துத் திறந்த பிறகு, அவருடைய மண்டபத்தில் வார நாட்களில் நாற்காலி மட்டும்தான் இருந்தது. அந்தக் கவலையோடுதான் ஒருநாள் காலையில் கடைக்கு வந்தார்.

"அரைவிலை எண்டு பெரிசாப் போடு. இந்த மாசம் முடியுமட்டும்தான் எண்டு போடு. கீழ நிபந்தனைகளுக்கு உட்பட்டது எண்டு சின்னனாப் போடு. அவ்வளவுதான்."

"என்ன நிபந்தனை அண்ணை?"

"அது வந்து கேட்கேக்க சொல்லலாம்."

நான் விடவில்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கித்தான் எடுத்தேன். அரைவிலை எந்த நாளுக்கு? ஆடி மாதத்துக்கும் மார்கழி மாதத்துக்கும், மற்ற மாதங்களில் திங்கள் முதல் வியாழன் வரைக்கும். அந்த மற்ற மாதங்களில் சனிக்கிழமைக்கு? கிடையாது. அரைவிலை என்றால் எதனுடைய அரை? அவர் ஒரு தொகையைச் சொன்னார். கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணை, அந்த விலைக்கு உங்களிட்ட இதுவரைக்கும் ஆராவது மண்டபம் எடுத்தவையோ?"

"எடுக்கேல்ல. ஆனா அதுதான் விலையெண்டு நான் முடிவெடுத்திருக்கிறன்."

ஒருவரும் கொடுக்காத விலையைப் பழைய விலை என்று போட்டு அதில் பாதியை வெட்டுவது தள்ளுபடி இல்லை, பேய்க்காட்டுவது. பிரெஞ்சு பேசுகிற இந்த மாகாணத்தில் அதற்குச் சட்டமும் இருக்கிறது. விளம்பரத்தில் ஒரு விலையைப் போட்டால், கட்டாயமாக வாங்குகிற எல்லாக் கட்டணமும் அதற்குள் அடங்கியிருக்க வேண்டும். வரியை மட்டும் தனியாகச் சொல்லலாம். அண்ணையோ துப்புரவுக் காசு தனி, ஒலிபெருக்கி தனி, சாப்பாடும் அவருடைய சமையலறையிலேயே எடுக்கவேண்டும் என்று வைத்திருந்தார். அதெல்லாவற்றையும் சொன்னேன்.

"கண்டறியாத சட்டம்! எல்லாரும் இப்பிடித்தான் போடுறாங்கள். நீ மட்டும்தான் எனக்குப் படிப்பிக்கிறாய்."

நானே ஒரு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தேன். ஆடி, மார்கழி, வார நாள் என்று தலைப்பிலேயே போட்டிருந்தேன். அண்ணை வாசித்தார். காது சிவந்தது.

"ஆடி எண்டு தலைப்பிலயே போட்டால் ஆர் வருவினம்? ஆடியில ஆர் நல்ல காரியம் செய்யிறவை? என்ர மானம் போகும்."

"செய்யாத மாசத்துக்குத்தானே அரைவிலை குடுக்கிறியள்? அதைச் சொல்ல ஏன் வெட்கப்படுறியள்?"

தாளைக் கசக்கி என்னுடைய மேசையிலேயே போட்டுவிட்டுப் போனார். பிறகு டொராண்டோவில் யாரிடமோ சொல்லித் தங்க நிறத்தில் ஒன்று அடிப்பித்து எடுத்தார். அரைவிலை என்ற சொல் என் கை அகலத்துக்கு. ஆடியும் இல்லை, மார்கழியும் இல்லை, சனிக்கிழமையும் இல்லை. எங்கள் தெருவில் உள்ள மரக்கறிக் கடை, மீன்கடை எல்லாவற்றிலும் காசுப்பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். அண்ணைக்குச் சந்தோசம், புளுகம் தாங்கவில்லை. "போன் நிக்காமல் அடிக்குது, பார்த்தியோ?" என்று எனக்கே போன் எடுத்துச் சொன்னார்.

இரண்டு கிழமை போயிருக்கும். ஒரு பெண் அட்டை அடிக்க வந்தாள். அவளை எனக்கு முன்னமே தெரியும், புதுவீடு குடிபூரலுக்கு நான்தான் அட்டை அடித்துக் கொடுத்தேன். இங்கே ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை. மூத்த மகள் பெரியபிள்ளையாகி, ஆவணியில் சாமத்தியவீடு. முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"அக்கா, இந்தமுறை ஒருத்தரையும் விடேல்ல. வேலையில எல்லாருக்கும் வாயால சொல்லிப்போட்டன். அவையின்ர பிள்ளையளின்ர சடங்குக்கெல்லாம் போய்ச் சாப்பிட்டனான், சொல்லாமல் விட்டால் பிழையெல்லோ? வீட்டுக்குப் பக்கத்தில சின்ன மண்டபமெண்டுதான் முதல் நினைச்சனாங்கள். அரைவிலை எண்டதாலதான் துணிஞ்சன்."

கைப்பையிலிருந்து அந்தத் தங்க நிற நோட்டீசை எடுத்து மேசையில் வைத்தாள். மண்டபத்தின் பெயரை அதைப் பார்த்து அட்டையில் போடச் சொன்னாள். ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை.

அந்த நாளுக்கு அரைவிலை இல்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆட்களிடம் வாயால் சொன்னால் சொன்னதுதான். அட்டை என்பது அதற்குப் பிறகு வருகிற சடங்கு. வாங்கோ என்று சொன்ன ஒருத்தியிடம் திரும்பப் போய், வராதேங்கோ என்று சொல்ல முடியுமா?

"தங்கச்சி, காசு கட்டிப்போட்டியளோ?"

"இல்லை, இண்டைக்குப் பின்னேரம் போறன்."

"அட்டை பேந்து அடிப்பம். முதல்ல போன் எடுத்து அந்தத் திகதிக்கு அரைவிலை உண்டோ எண்டு கேளுங்கோ."

என் முன்னாலேயே எடுத்தாள். மண்டபத்துக்கு வருகிற போனை எடுப்பது அண்ணிதான். எனக்குக் குரல் கேட்கவில்லை, அவளுடைய முகம்தான் தெரிந்தது. "ஓம்... ஓம்... அப்ப எந்த நாளுக்கு? ஆடியோ?" என்றாள். போனை வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"உங்கட அண்ணையின்ர மண்டபமெண்டபடியாத்தான் அக்கா யோசிக்காமல் சொன்னனான்," என்றாள். அட்டையின் மாதிரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்குக் கடையை நேரத்தோடு பூட்டினேன். மெட்ரோவில் ஏறி, ஜான் தலோன் நிலையத்தில் மாறி, லவால் போய்ச் சேரும்வரை மனதுக்குள் அண்ணையோடு சண்டை பிடித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த மனுசி என்னைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி இருந்தாள்.

மண்டபத்து அலுவலக அறையில் அண்ணையும் அண்ணியும் இருந்தார்கள். நான் தொடங்குவதற்கு முன்பே அண்ணி தொடங்கிவிட்டார். அண்ணி அதிகம் கதைக்கிற ஆள் இல்லை.

"நோட்டீஸ் அடிக்கிறது நீங்கள். போன் எடுக்கிறது நான். நாள் முழுக்கச் சனத்திட்ட, அந்த நாளுக்கு இல்லை, இந்த நாளுக்கு இல்லை எண்டு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கைக்குது. கள்ளர் எண்டு ஏசுதுகள். ஏசினால் பரவாயில்லை, இண்டைக்கு ஒரு பிள்ளை பேசாமல் போனை வைச்சிது. இனி நான் எடுக்கமாட்டன்."

"அப்ப மண்டபத்தைப் பூட்டுவமோ?" என்றார் அண்ணை.

"போன் அடிச்சுது எண்டு துள்ளினியளே அண்ணை, அதில எத்தினை பேர் மண்டபம் எடுத்தவை?" என்று கேட்டேன்.

அண்ணையின் காது மட்டும் சிவந்தது. எடுத்தவர் ஒருவரும் இல்லை என்று அண்ணி சொன்னார்.

அந்த மேசையிலேயே இருந்து புதிதாக எழுதினோம். எழுதினோம் என்றால், ஒவ்வொரு வரிக்கும் சண்டை. பழைய விலை என்று போன வருடம் சனங்கள் உண்மையாகக் கொடுத்த வாடகையைப் போட்டோம். துப்புரவையும் ஒலிபெருக்கியையும் விலைக்குள் சேர்த்தோம். சாப்பாட்டை வெளியிலிருந்தும் கொண்டுவரலாம் என்று எழுதும்போது அண்ணை எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். ஆடி, மார்கழி என்று மட்டும் போட்டால் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு விளங்காது, ஆகவே பக்கத்தில் ஆங்கிலத் திகதியும் போட்டேன். முற்பதிவு எந்தத் திகதிக்குள் செய்யவேண்டும், விழாவை எந்தத் திகதிக்குள் வைக்கவேண்டும் என்று இரண்டையும் வேறுவேறாக எழுதினேன். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் பாதிச் சுத்துமாத்து நடக்கிறது. மற்ற மாதங்களில் வெள்ளி, சனி, ஞாயிறுக்கு இந்தச் சலுகை இல்லை என்ற வரியை, அரைவிலை என்ற சொல்லுக்கு நேர் கீழே, வயதான ஆட்களுக்கும் கண்ணாடி இல்லாமல் தெரிகிற அளவில் வைத்தேன். பின்பக்கத்தில் அதே அளவு எழுத்தில், ஒரு நிபந்தனையும் விடாமல் பிரெஞ்சில் போட்டேன்.

"இதைப் பார்த்து ஒருத்தரும் வராயினம்," என்றார் அண்ணை.

போன் குறைந்துதான் போனது, அது உண்மை. ஆனால் எடுத்தவர்கள் கேள்வி கேட்கவில்லை, திகதியைச் சொன்னார்கள். மட்டக்களப்பு ஆட்களின் தேவாலயம் ஒன்று நத்தார் பண்டிகை விருந்துக்கு மார்கழியில் ஒருநாளைப் பிடித்தது. அவர்களுக்கு ஆடியும் ஒன்றுதான், ஆவணியும் ஒன்றுதான். அதே தேவாலயத்தைச் சேர்ந்த ஒருவர் தாயின் எழுபதாவது பிறந்தநாளை ஆடியில் வைத்தார். இவர்களை நினைக்காமல்தான் அண்ணை ஆடியை ஒளித்து வைத்திருந்தார்! முற்பதிவு முடிகிற நாள் வந்தபோது, "இன்னொரு கிழமைக்கு நீட்டுவமோ?" என்று தொடங்கினார். அண்ணி அவரைப் பார்த்த பார்வையில் அந்தக் கதை அதோடு நின்றது. அடுத்த வருடமும் அதே சலுகையைப் போட்டோம், திகதிகளை மட்டும் மாற்றி.

அந்த அடுத்த வருடத்து நோட்டீஸ் என் கடையில் இருந்தபோதுதான் அந்தப் பெண் திரும்ப வந்தாள். மூத்த மகளும் கூட வந்தாள், உயர்ந்திருந்தாள். சின்ன மகளின் பிறந்தநாளுக்கு அட்டை வேண்டுமாம். போன வருடத்துச் சடங்கை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். வீட்டுக்குப் பக்கத்துச் சின்ன மண்டபத்தில்தானாம்.

"சொன்ன ஆக்களில பாதிப் பேரிட்டப் போய் மன்னிப்புக் கேட்டன் அக்கா. கொஞ்சப் பேர் இப்பவும் வேலையில என்னோட கதைக்கிறேல்ல. காசுக்காகத் தங்களை விட்டுப்போட்டன் எண்டு நினைக்கினம்."

பிறந்தநாள் எப்போது என்று கேட்டேன். ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம். நோட்டீசை எடுத்து நீட்டினேன். "இந்தமுறை உண்மையாவே அரைவிலைதான் தங்கச்சி, உங்கட திகதிக்குச் சரியா வரும்."

முன்பக்கத்தை ஒவ்வொரு வரியாக வாசித்தாள். வாசித்து முடித்துத் திரும்ப மேலிருந்து வாசித்தாள். பிறகு பின்பக்கத்தைத் திருப்பி மகளிடம் கொடுத்தாள்.

"இந்தப் பிரெஞ்சில என்ன போட்டிருக்கு எண்டு பார்."

பிள்ளை வாசித்தது. "அதேதான் அம்மா. ஒரு வித்தியாசமும் இல்லை."

"வடிவாப் பார்."

"பார்த்திட்டன் அம்மா."

அவள் நோட்டீசை வாங்கி மற்றவற்றின் மேலேயே திரும்ப வைத்தாள். "பிறந்தநாளை வீட்டிலயே வைப்பம் அக்கா," என்றாள். "நல்லா விளக்கமா எழுதியிருக்கிறியள். இதை முதலே எழுதியிருக்கலாம்."

முதலே எழுதினேன், அண்ணை கசக்கிப் போட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அட்டையில் போடவேண்டிய வீட்டு விலாசத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். எழுதிக்கொண்டேன்.