உப்பை வறுத்த அரை மணி நேரம்

அறிவிப்பு அக்கா மீது சமையல்காரருக்குப் பதினோரு வருஷமாக ஒரு மனத்தாங்கல். தொலைக்காட்சிச் சமையல் நேரலையில் அவள் எதைக் கெடுத்தாலும் பழி இவர் தலையில் விழும். அதையும் பழியாகச் சொல்ல மாட்டாள், பாராட்டாகச் சொல்லுவாள். வெங்காயம் கருகினால், "நம்ம சமையல்காரர் வேணும்னேதான் இப்படிக் கருக விடச் சொல்லியிருக்காரு" என்பாள். மறுநாள் முடிவெட்டுகிறவர் கத்தரியைக் காதோரம் நிறுத்திவிட்டுக் கேட்பார்: "ஏன்யா, நல்ல வெங்காயத்தை எதுக்கு கருக்கச் சொன்னே?" இவர் என்ன பதில் சொல்வது? கேமராவில் தெரியாதபடி சமையல் மேடைக்கடியில் குந்தியிருக்கிற மனுஷனுக்கு வாய் ஏது?

அக்காவுக்குச் சமையல் தெரியாது. தேநீர் போடுவாள், அதுவும் சுமார்தான். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பேசுவது. இருபத்திரண்டு வருஷம் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி முன்னால் உட்கார்ந்தவள். "வண்டி நாற்பது நிமிடம் தாமதமாக வரும்" என்று அவள் சொன்னால், தாமதமாக வருவதுதான் வண்டிக்கு அழகு என்று ஜனம் மூட்டையை இறக்கிவைத்து உட்கார்ந்துவிடும். முப்பது வயதில் புருஷனைப் பறிகொடுத்து, அந்தக் குரலை வைத்தே மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். அப்புறம் நிர்வாகம் ஒருநாள் அவள் குரலை முழுசாகப் பதிவு செய்துகொண்டு, "இனிமே நீங்க வர வேண்டாம்மா" என்றது. நிலையத்தில் இன்றைக்கும் அவள் குரல்தான் பேசுகிறது. அந்தப் பக்கம் போக நேர்ந்தால் அக்கா எதிர்ச்சாரியில் நடப்பாள்.

அவளுக்கு மிஞ்சியது உள்ளூர் தொலைக்காட்சியில் இந்த அரை மணி நேரம் ஒன்றுதான். அதற்கும் ஆபத்து வந்திருந்தது. அந்த வருஷத்தில் இரண்டு தடவை நிகழ்ச்சி பாதியில் நின்று, 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டை போட வேண்டியதாயிற்று. மேலாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை அட்டை வந்துச்சுன்னா, இந்த நேரத்தை வேற நிகழ்ச்சிக்குக் கொடுத்துடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதீங்க."

அன்றைக்குக் காரமல் புட்டிங். பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்து வேகவைக்கிற இனிப்பு, உச்சியில் சிவக்க உருக்கிய சர்க்கரை. விடியற்காலையிலேயே சமையல்காரர் ஒன்று செய்து குளிர்பெட்டியில் வைத்திருந்தார். அக்கா கேமராவுக்கு முன்னால் ஒன்று செய்வதுபோல் செய்வாள், கடைசியில் இவர் அதை எடுத்துவிட்டு இதை நீட்டுவார். பதினோரு வருஷமாக இதுதான் ஏற்பாடு.

அக்கா பாலைச் சூடாக்கினாள். அலமாரியிலிருந்து கண்ணாடி ஜாடியை எடுத்து நாலு கரண்டி பாலில் போட்டாள். இன்னொரு அடுப்பில் வாணலியை வைத்து, அதிலும் ஒரு கோப்பை கொட்டினாள்.

"இப்ப சர்க்கரை ஓரத்துல மெதுவா உருக ஆரம்பிக்கும். கரண்டி போட்டுக் கிளறக்கூடாது, கிளறினா மறுபடியும் கல்லு கல்லா கட்டிக்கும். வாணலியைத்தான் சுத்தணும். தேன் நிறம் வந்து கொஞ்சம் சிவந்ததும் அடுப்பை அணைச்சிடணும். பாத்திரத்துச் சூட்டுலயே மீதி சிவந்துக்கும்."

அத்தனையும் சரி. ஆனால் ஓரத்தில் எதுவும் உருகவில்லை. நிமிஷம் மூன்றாயிற்று. வாணலிக்குள் படபடவென்று வெடித்தது. ஒரு துகள் துள்ளி அக்காவின் மூக்குக் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது.

மேடைக்கடியிலிருந்து சமையல்காரர் அலமாரியை எட்டிப் பார்த்தார். அலமாரி ஜாடி வெறும் ஜோடனைக்கு. நிஜச் சர்க்கரை போட்டு வைத்தால் வாரம் பூராவும் எறும்பு மொய்க்கிறது என்று, அதில் பொடியுப்பை நிரப்பி வைத்தவர் அவர்தான். சமைக்கிற சர்க்கரையைக் கிண்ணத்தில் போட்டு அடுப்பருகே வைப்பதும் அவர் வேலை. கிண்ணம் அவர் காலடியிலேயே இருந்தது. எடுத்து வைக்க மறந்திருந்தார். உப்பு உருக வேண்டுமென்றால் கொல்லன் உலைதான் வேண்டும். அடுப்புச் சூட்டில் அது உள்ளேயிருக்கிற ஈரத்தைக் கக்கி வெடிக்கும், அவ்வளவுதான்.

ஒரு அட்டையில் கரிக்கோலால் 'உப்பு' என்று எழுதி, அவள் பார்வைக்குத் தூக்கிப் பிடித்தார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மேலாளரின் விரல் 'தடங்கல்' அட்டையைப் போடுகிற பொத்தான்மேல் இருந்தது.

அக்கா அட்டையைப் படித்தாள். ஒரு மூச்சு விட்டாள்.

"நீங்க எல்லாரும் இதைச் சர்க்கரைன்னு நினைச்சிருப்பீங்க. இது உப்பு. கேக் சுடுற மின்சார அடுப்பு இல்லாத வீட்டுல என்ன பண்ணுவாங்கன்னு நிறையப் பேர் கேக்குறீங்க. அதுக்குத்தான் உப்பை வறுக்கிறோம். அடிகனமான பாத்திரத்துல உப்பைப் பரப்பி, மேல ஒரு வளையம் வச்சு, அதுமேல கிண்ணத்தை வச்சு மூடணும். உப்பு சூட்டைப் பிடிச்சு வச்சுக்கிட்டு நாலு பக்கமும் சமமா கொடுக்கும்."

சமையல்காரர் வாயைப் பிளந்தார். போன வருஷம் கேக் சுடும்போது அவர் தனக்குத்தானே முணுமுணுத்த வார்த்தைகள் அவை. மனுஷி கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"பால்ல போட்டதும் உப்புதான், அக்கா" என்று கீழேயிருந்து கிசுகிசுத்தார்.

அந்த வேகத்தில் அக்கா கொதிக்கிற பாலை, அடித்து வைத்திருந்த முட்டைக்குள் ஒரேயடியாகக் கவிழ்த்துவிட்டாள். முட்டை வெந்து திட்டுத் திட்டாக மிதந்தது.

"பார்த்தீங்களா? எப்படிச் செய்யக்கூடாதுன்னு காட்டத்தான் இதைச் செஞ்சேன். திங்கிறதுக்கு இல்லைங்கிறதால இதுல உப்பும் போட்டாச்சு. நீங்க பாலைக் கொஞ்சம் ஆறவிட்டு, ஒரு கரண்டி ஊத்திக் கலக்கி, மறுபடி ஒரு கரண்டி ஊத்தணும். அப்பத்தான் முட்டை திரியாது."

"இது எங்க போய் முடியுமோ" என்றான் கேமராக்காரன் பல்லுக்குள்.

அக்கா வாணலியை நகர்த்தத் துணியைப் பிடித்தாள். துணியின் முனை தீயில் பட்டுப் பற்றிக்கொண்டது. அவள் அதை இரண்டு விரலால் தூக்கித் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்தாள்.

"தொங்குற துணியால அடுப்புப் பக்கம் என்ன ஆகும்னும் பார்த்துட்டோம். துணி பத்தினா தண்ணி ஊத்தலாம். எண்ணெய் பத்தினா ஊத்தவே கூடாது, மூடியைப் போட்டு அமுக்கணும்."

சமையல்காரர் தவழ்ந்துபோய் எரிவாயு உருளையின் வாயை மூடினார். தீ அணைந்தது.

"அடுப்பு அணைஞ்சாச்சு. பரவாயில்லை, உப்பு சூட்டை லேசுல விடாது. ஆனா வீட்டுல நீங்க முட்டைப்பால் கிண்ணத்தை இந்த உப்புமேல சிறு தீயில முக்கால் மணி நேரம் வைக்கணும். கத்தியைக் குத்திப் பார்த்தா ஒட்டாம வரணும்."

கேமரா உப்பை நெருங்கிக் காட்டிய நேரத்தில் சமையல்காரர் விடியற்காலைப் புட்டிங்கை அவள் கையில் திணித்தார். ஓரத்தைக் கத்தியால் நெகிழ்த்தாமலே அக்கா தட்டில் கவிழ்த்தாள். பாதி தட்டுக்கு வந்தது, பாதி கிண்ணத்தை விட்டு வரமாட்டேன் என்றது.

"உள்ள ஓட்டை விழாம வெந்திருக்கான்னு பார்க்க இப்படிப் பிரிச்சுக் காட்டுறது நல்லது" என்றாள். ஒரு கரண்டி தின்றாள். "இது காலையில செஞ்சு குளிர வச்சது. சர்க்கரை போட்டது."

சமையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். வழக்கமான வசனத்துக்காகக் காத்திருந்தார். சமையல்காரர் வேணும்னேதான் ஜாடியில் உப்பை வச்சாரு என்று வரும். நாளைக்கு முடிவெட்டுகிறவருக்கு எதைச் சொல்வது?

"இன்னைக்கு நடந்தது எல்லாமே என் யோசனை" என்றாள் அக்கா. "வணக்கம்."

சிவப்பு விளக்கு அணைந்தது. மேலாளர் பொத்தானிலிருந்து விரலை எடுத்து, அந்த விரலாலேயே காதைக் குடைந்தார். 'தடங்கல்' அட்டை வரவில்லை. வெளியே தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. எந்த உப்பு, கல்லுப்பா பொடியுப்பா என்று பார்த்தவர்கள் கேட்டார்களாம்.

"இந்த நிகழ்ச்சியை எழுதினது யாரு?" என்றார் மேலாளர் கதவைத் தள்ளிக்கொண்டு. "அடுத்த வாரமும் இதே மாதிரி பண்ணுங்க."

அவர் போனதும் சமையல்காரர் மேடைக்கடியிலிருந்து எழுந்தார். 

"தப்பு என்னோடது, அக்கா. கிண்ணத்தை எடுத்து வைக்கலை. நீங்க என் பேரைச் சொல்லியிருக்கலாம். பதினோரு வருஷமா சொல்றீங்களே."

"அதெல்லாம் நான் செஞ்ச தப்பு, தம்பி. பழியைத் தோள்ல போட்டுக்க ஒரு ஆள் வேணும்ல? இது நிஜமாவே உன் தப்பு. இதைப் போய் எப்படிச் சொல்றது?"

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். அப்போதுதான் சமையல்காரர் கவனித்தார். ரவிக்கையில் குத்தியிருந்த குட்டி ஒலிவாங்கியைக் கழற்றப் பார்க்கிறாள், ஊக்கு ஒவ்வொரு தடவையும் விரலிலிருந்து நழுவுகிறது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக. குரலில் மட்டும் அது எதுவும் இல்லை.

"தம்பி" என்றாள், வண்டி வருகிறது என்று சொல்கிற அதே குரலில். "இதைக் கொஞ்சம் கழட்டி விடுப்பா."