போர்வெல் கேபிளும் பின்பக்க மின்விசிறியும்

என் வேனில் இரண்டு பேட்டரி. முன்னால் உள்ளது எஞ்சினுக்கு. பின்பக்கப் படுக்கையின் அடியில் உள்ளது விளக்குக்கும், மின்விசிறிக்கும், நான் போட்டுக்கொள்ளும் இன்சுலின் இருக்கும் சின்ன ஃபிரிட்ஜுக்கும். எஞ்சின் ஓடும்போது பின்பேட்டரியும் சார்ஜ் ஆக வேண்டும். ஆகவில்லை. மதுரை வரை பகல் முழுக்க ஓட்டிப் போயும் மறுநாள் காலையில் ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. அன்றைய வெயிலில் மருந்து சூடாகிவிட, திரும்பி ஊருக்கே வந்து சேர்ந்தேன். ராமேஸ்வரம் போகவேண்டியவன் வெறும் வீட்டில் வந்து உட்கார்ந்தேன்.

அந்த வீட்டில் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. முப்பது வருஷம் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போட்டவன் நான். வருஷத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருந்தால் அதிகம். "ஓய்வு வாங்குனதும் வண்டியிலயே ஊரச் சுத்தலாங்க, ஆனா எனக்குன்னு ஒரு ஃபேன் வேணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள் மனைவி. வேனை வாங்கி, இரண்டு படுக்கை போட்டு, அவள் படுக்கைக்கு மேலே தனி விசிறியும் மாட்டினேன். வண்டி வேலை முடிவதற்கு முன்பே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த விசிறியை நான் ஒருநாளும் போட்டதில்லை.

கோளாறு ரிலேயில்தான் என்று அடித்துச் சொன்னேன். எஞ்சின் ஓடினால்தான் ரிலே இரண்டு பேட்டரியையும் சேர்க்கும், நின்றால் பிரித்துவிடும். இல்லாவிட்டால் ஃபிரிட்ஜ் ராத்திரியெல்லாம் எஞ்சின் பேட்டரியையும் குடித்துவிடும். இரண்டு முறை ரிலே மாற்றினேன். எஞ்சினைப் போட்டால் ஒழுங்காக 'டக்' என்று சத்தம் வந்தது. பின்பேட்டரியிலிருந்து கேபிளைக் கழற்றி அதன் நுனியில் மீட்டர் வைத்தேன்: பதினாலேகால் வோல்ட். அப்புறம் என்ன கேடு? பேட்டரி விற்றவனைத்தான் கண்டபடி திட்டினேன்.

கடைசியில் புதுச்சத்திரத்தில் லாரிகளுக்கு வயரிங் செய்யும் ஒரு எலக்ட்ரீசியனிடம் போனேன். அவர் படுக்கையின் அடியில் எட்டிப் பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

"ஏனுங்ணா, இதென்ன, மோட்டார் கேபிளுங்களா?"

"ஆமா. போர்ல இறக்குன கேபிள்ல மிச்சம். நாலு ஸ்கொயர் தடிமன். அஞ்சு ஹெச்.பி. மோட்டாரயே அறுநூறு அடியில ஓட்டுது, இருபதடியில இந்தப் பேட்டரியைச் சார்ஜ் பண்ணாதா?" என்று எகிறினேன்.

அவர் கோபப்படவில்லை. கழற்றி வைத்திருந்த கேபிளை மாட்டச் சொல்லி, எஞ்சினைப் போடச் சொல்லி, ஃபிரிட்ஜையும் ஓடவிட்டார். முன்பேட்டரியில் மீட்டர் வைத்தார்: பதினாலேகால். பின்பேட்டரியில்: பதிமூன்று.

"மோட்டாருக்கு நானூறு வோல்ட்டுங்ணா. எட்டு ஆம்ப் போனாப் போதும், வழியில பத்து வோல்ட் காணாமப் போனாலும் தெரியாது. இங்க இருக்கறதே பதினாலு. இருபது ஆம்ப் போகோணும். போகவும் வரவும் சின்னக் கேபிளு, ஒரு வோல்ட்ட வழியிலயே தின்னுருது. கழட்டி வெச்சுப் பாத்தா கரண்டு ஓடாது, அதனால முழுசாத்தான் காட்டும்."

என் மூஞ்சி தொங்கிவிட்டது. கழற்றி வைத்தால் முழுசாகக் காட்டும் அந்தக் கேபிள் மாதிரிதான் நானும். தினமும் மகள் போனில் கேட்பாள், "நல்லா இருக்கீங்களாப்பா?" நானும் "நல்லா இருக்கேன் சாமி" என்பேன். போனை வைத்த பிறகு பேச ஆள் இல்லாத வீட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அவளுக்கு அது தெரியாது.

அவர் இருபத்தைந்து ஸ்கொயர் வெல்டிங் கேபிளை இரண்டு துண்டாக அளந்து வெட்டினார். நுனிகளில் லக் என்கிற செம்பு முனைகளை வைத்து இறுக்கி அழுத்தினார். ஒவ்வொரு பேட்டரிக்குப் பக்கத்திலும் ஒரு ஃபியூஸ் போட்டார். ரிலேயும் கொஞ்சம் பெரிதாக மாறியது. மதியம் சாப்பாட்டு வேளைக்கு வேலை முடிந்தது. எஞ்சினைப் போட்டதும் பின்னால் பதினாலு காட்டியது.

"இப்ப எல்லாத்தையும் போட்டு உடுங்ணா. முழு லோடுல பாத்தறலாம்."

விளக்கைப் போட்டேன். என் பக்க விசிறியைப் போட்டேன்.

"அந்தப் பக்கத்து ஃபேனு?"

"அது வேண்டாம்."

"வயரு சரியா இருக்கான்னு பாக்கோணுமில்லீங்களா? அக்கா வந்து படுத்தா காத்து வேணாமா?"

அவள் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. சுவிட்சைத் தட்டினேன். இறக்கைகளில் படிந்திருந்த தூசி என் மேலேயே உதிர்ந்தது. அவள் படுக்கையின் விரிப்பு ஓரமாக அசைந்தது. மீட்டர் பதினாலை விட்டு இறங்கவில்லை.

"சரியாயிருச்சுங்ணா. இனி எங்க வேணா போலாம்" என்றார்.

இரண்டாம் நாளே ராமேஸ்வரத்துக்குக் கிளம்பினேன். மருந்து வழியெல்லாம் குளிர்ந்தே இருந்தது. அவள் விசிறியை நான் நிறுத்தவில்லை.