வெண்கலத்தை மிச்சம் பிடித்த கதை

என் தம்பிக்குத் துறைமுகத்தில் 'அவசரம்' என்றுதான் பெயர். படகு வாங்கியதும் அப்படித்தான். பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்தவன், அந்தப் பழைய இன்ஜின் எவ்வளவு டீசல் குடிக்கும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாதிப் பணம் அவன் அக்கா நான் போட்டது. மீனை ஏலத்தில் விற்பதும் நான்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வராதா?

மீன் படுகிற நாலு மாதம் நன்றாகவே ஓடியது. மற்ற மாதங்களில் நாற்பது லிட்டர் ஊற்றிவிட்டுப் போய், அரைக் கூடையோடு திரும்புவான். படகுக் கடனுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் சீசனில் பெரிய தவணை, மற்ற மாதங்களில் சின்னத் தவணை என்று பிரித்துத் தந்ததால் தலை தப்பியது. நாலாம் வருடம் இன்ஜின் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. மறுபடி கடன் வாங்கிப் புது இன்ஜின் போட்டோம். ஒரு நடை கடலுக்குப் போய்வர முப்பது லிட்டர்தான் ஆகும் என்றார் கடைக்காரர்.

ஆனது நாற்பத்தாறு! அதோடு கரிப்புகை வேறு. சீசன் தொடங்கப் பத்து நாள்தான் இருந்தது. இப்படியே போனால் பிடிக்கிற மீனெல்லாம் டீசலுக்கே சரியாகிவிடும். படகைக் கேட்டுத் தரகர் இரண்டு முறை வந்துவிட்டார். தம்பி சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கடைசியாகப் படகுப் பட்டறை மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு கடலில் ஓட்டிப் பார்த்தோம். முழு வேகத்தில் நிமிடத்துக்கு இரண்டாயிரத்து நானூறு சுற்று வர வேண்டிய இன்ஜின், ஆயிரத்துத் தொள்ளாயிரத்தைத் தாண்டவில்லை.

"இன்ஜின்ல ஒரு கோளாறும் இல்ல. தண்ணிக்குள்ள சுத்தற புரொப்பல்லர்தான் பழசு. அது இதுக்கு ரொம்பப் பெருசு, சுத்த முடியாம இன்ஜினுக்கு மூச்சு முட்டுது. புது இன்ஜினுக்குப் பழசையே மாட்டச் சொன்ன புண்ணியவான் யாருப்பா?"

இன்ஜின் பொருத்த வந்தவர் அதையும் மாற்றலாமா என்று கேட்டபோது, "நல்ல வெண்கலம், குத்துக்கல்லாட்டம் இருக்கு, எதுக்குத் தண்டச் செலவு?" என்று விரட்டியது நான்தான். தம்பியும் அப்போது பக்கத்தில்தான் இருந்தான்.

"நான்தாண்ணே. அவசரப்பட்டுட்டேன்" என்றான் அவன் மெக்கானிக்கிடம், என்னைப் பார்க்காமலே.

வெண்கலத்தை எடைக்குப் போட்டு, மேற்கொண்டு கொஞ்சம் கொடுத்து, இன்ஜினுக்குப் பொருத்தமான புரொப்பல்லர் வாங்கி மாட்டினோம். மறுநாள் அவன் கடலுக்குப் போய்வரும்வரை நான் கரையை விட்டு நகரவில்லை. படகு புகையே இல்லாமல் வந்தது. டேங்கில் அளவுகோலை விட்டுப் பார்த்தேன். இருபத்தொன்பது லிட்டர்தான் செலவு. அப்பாடா என்று மீன்பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் வந்தது.

"என்னக்கா, அழற?"

"போடா. அன்னிக்கு எதுக்குடா பழிய நீ ஏத்துக்கிட்ட?"

"எனக்குத்தான் ஏற்கெனவே பேரு இருக்கே" என்று சிரித்தான்.

ஏலக்கூடத்தில் யாரோ "அவசரம் வந்தாச்சா?" என்று கேட்டார்கள். "வந்தாச்சு, இங்கதான் இருக்கேன்" என்று நான் எழுந்து போனேன்.