மொட்டை மாடிக்கு ஒரு சிறப்புக் கூட்டம்

நாற்பது வீட்டுக் குடியிருப்பில் சங்கச் செயலாளரை எல்லோரும் நோட்டீஸ்காரர் என்றுதான் சொல்வார்கள். லிஃப்ட் நின்றாலும் நோட்டீஸ், பூனை குட்டி போட்டாலும் நோட்டீஸ். யார் எந்தக் குறை சொன்னாலும் ஒரே பதில்: "எழுத்துல குடுங்க." வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அந்தப் பதவிதான் அவருக்கு மூச்சு.

தண்ணீர்த் தொட்டி மூடியை யாரோ திறந்து போட்டார்கள் என்று மொட்டை மாடியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். மூன்று மாதம் ஊரே கெஞ்சியது, மனிதர் மசியவில்லை. கடைசியில் எழுத்திலேயே வந்தது. மாடியைத் திறக்க வேண்டும், மறுத்தால் செயலாளரை நீக்க வேண்டும், இதற்காகச் சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டுங்கள் என்று ஒரு மனு.

உறுப்பினர்களில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது எட்டுப் பேர், கையெழுத்திட்டால்தான் மனு செல்லும். ஆவலோடு எண்ணினார். முன்பக்கம் ஏழு. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பின்பக்கம் திருப்பினார். எட்டாவது அவர் மனைவி. பக்கத்து வீட்டை அவள் பேரில் வாங்கி அவளையும் உறுப்பினராக்கி, நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கியதும் இவரேதான்.

"நீயுமா?"

"துணி காயப் போட இடமில்லன்னு எத்தன தடவ சொன்னேன். எழுத்துல குடுன்னீங்க. குடுத்துட்டேன்."

என்றாலும் விதியை மீறுகிற ஆளில்லை அவர். மனு வந்து ஒரு மாதத்துக்குள் கூட்டம் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் மனுக்காரர்களே கூட்டிவிடலாம். பதினான்கு நாள் முன்னறிவிப்பும் வேண்டும். மனு கிடைத்த தேதி, எட்டுப் பெயர்கள், நோக்கம், வேறு எந்தப் பொருளும் பேசப்படாது என்பது வரை பிசகின்றி எழுதி, வீடுவீடாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். மனைவியிடமும்தான். குறும்பு, கூட்டத்துக்குக் குறித்த நேரத்தில் மட்டும் ஒளிந்திருந்தது: கெடுவின் கடைசி ஞாயிறு, மதியம் இரண்டு மணி. உண்ட மயக்கத்தில் யார் வருவார்கள்? அரை மணிக்குள் பதினான்கு பேர் சேராவிட்டால், உறுப்பினர்கள் கேட்டுக் கூட்டிய கூட்டம் தள்ளிவைக்கப்படாது, அத்தோடு கலைந்துவிடும்.

நாளும் வந்தது. கீழ்க்கூடத்தில் பதின்மூன்று பேர். நோட்டீஸ்காரர் வாசற்படிக்கு வெளியே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போனால் அவரே பதினான்காவது ஆள்.

இன்னும் ஐந்து நிமிடம். உள்ளே வருகைப் பதிவேட்டைச் சங்கத் தலைவரான பல் டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். வரிசை எண் இல்லை, வீட்டு எண் இல்லை, தேதிகூட இல்லை. நோட்டீஸ்காரருக்குக் கை நமநமத்தது. பல்லைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய்ப் பேனாவைப் பிடுங்கி, கோடு போட்டு, எண்ணிட்டு, பழக்க தோஷத்தில் கடைசி வரியில் தன் கையெழுத்தையும் போட்டார்.

"பதினாலு," என்றாள் மனைவி.

மாடியைத் திறக்கத் தீர்மானம் நிறைவேறியது. மறுத்தால் பதவி போகும் என்பதால் நோட்டீஸ்காரர் மனைவியிடம் சாவியை நீட்டினார். பதவி தப்பியது, மானம்தான் கொஞ்சம் போயிற்று. அதையாவது மீட்க நினைத்து, சாவி வாங்கியதற்கு ரசீது கேட்டார்.

மனைவி துணி வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறியபடி சொன்னாள்: "எழுத்துல கேளுங்க."