அஸ்வினி எழுதிய சோதனை

கே.கே. நகரில் கிளினிக்குகளுக்கு ஆண்ட்ராய்டு செயலி செய்யும் சிறிய கம்பெனி அது. செயலியைத் தானாக ஓட்டிச் சரிபார்க்கும் எஸ்பிரெசோ என்ற மென்பொருளில் அஸ்வினி எழுதிய சோதனைகள் ஒரு நேரம் பாஸாகும், ஒரு நேரம் ஃபெயிலாகும். அதைக் காரணம் காட்டி அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, அந்த வேலையைப் பக்கத்து சீட் டயானாவிடம் கொடுத்தார்கள்.

டயானா பிரித்துப் பார்த்தாள். சர்வர் பதில் தருமுன்பே சோதனைகள் திரையில் விடையைத் தேடின. சர்வர் வேலை முடியும்வரை எஸ்பிரெசோவைக் காத்திருக்க வைக்கும் ஐட்லிங் ரிசோர்ஸைச் சேர்த்தாள். சோதனையைக் குழப்பும் திரை அனிமேஷன்களைச் சோதனை போன்களில் அணைத்தாள். தடுமாற்றம் நின்றது.

ஒரு சோதனை மட்டும் ஒவ்வொரு முறையும் தோற்றது. நோயாளி ரத்து செய்த அப்பாயின்ட்மென்ட் பட்டியலை விட்டுப் போகவில்லை. தப்பு டீம் லீட் ஸ்டீவின் கோடில் இருந்தது.

"அண்ணே, இது சோதனையோட தப்பு இல்ல, நெசமான பக்" என்றாள் அவரிடம்.

"ரிலீஸ் முடியட்டும்மா, பாப்போம்."

டயானா அஸ்வினிக்குப் போன் செய்து சொன்னாள்.

"என்னைய அனுப்புன அன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னாடி நான் இதத்தான சொன்னேன்? நீயும் அங்கதான இருந்த" என்றாள் அஸ்வினி.



மறுநாள் ஸ்டீவ் அந்தச் சோதனையை மட்டும் ஓடாமல் நிறுத்தியிருந்தார். மிச்சமெல்லாம் பாஸாகி, திரை முழுக்கப் பச்சை. ஆபீஸே டயானாவுக்குக் கை தட்டியது.