சண்டையே இல்லாத மூன்று வாரங்கள்

டெல்லி கரோல் பாக்கில் ஒரு துணிக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். ஊரார் பணத்தை வாங்கி முதலீடு செய்யும் இடம் அல்ல. முதலாளி தன் சொந்தப் பணத்தைப் பங்குச் சந்தையில் போட்டு எடுக்கும் இடம். வாங்குவதையும் விற்பதையும் நாங்கள் எழுதிவைத்த புரோகிராம்கள் பார்த்துக்கொள்ளும். நாங்கள் அவற்றைப் பார்த்துக்கொள்வோம்.

புரோகிராம்கள் இரண்டு. என்னுடையது மொமென்டம். ஒரு பங்கு கடந்த இருபது நாள் உச்சத்தைத் தாண்டினால் வாங்கும். இருபது நாள் அடிமட்டத்துக்குக் கீழே போனால், கையில் பங்கு இல்லாவிட்டாலும் முன்கூட்டி விற்றுவிட்டு, இன்னும் இறங்கியதும் மலிவாக வாங்கி ஈடுகட்டும். ஓடுகிற விலை இன்னும் கொஞ்ச தூரம் ஓடும் என்பதுதான் அதன் நம்பிக்கை. பத்து முறை களத்தில் இறங்கினால் ஆறேழு முறை தப்பாகப் போகும். போனதும் சிறு நஷ்டத்தோடு வெட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். மீதி மூன்று நான்கில் வரும் நீண்ட ஓட்டம் எல்லாவற்றையும் ஈடுகட்ட வேண்டும்.

எதிர் மேஜைக்காரனுடையது மீன் ரிவர்ஷன், அதாவது சராசரிக்குத் திரும்புதல். இருபது நாள் சராசரியிலிருந்து விலை வழக்கத்தைவிட ரொம்பத் தள்ளி மேலே போனால் அவன் விற்பான், ரொம்பக் கீழே போனால் வாங்குவான். சராசரிக்குத் திரும்பியதும் லாபத்தை எடுத்துக்கொண்டு வெளியேறுவான். பத்தில் எட்டு முறை சிறு லாபம். மீதி இரண்டு முறை வரும் நஷ்டம் அந்த எட்டையும் விழுங்கப் பார்க்கும்.

ஆக, நான் வாங்க நிற்கிற விலையில்தான் பெரும்பாலும் அவன் விற்க நிற்பான். ஒரே நிறுவனம், ஒரே கணக்கு. எங்கள் ஆர்டர்கள் ஒன்றோடொன்று மோதினால், தனக்குத் தானே விற்றுக்கொள்வது போலாகிவிடும் என்று எக்ஸ்சேஞ்ச் அதை ரத்து செய்துவிடும். ரத்தானவற்றின் பட்டியல் தினமும் சாயங்காலம் ரிஸ்க் பார்க்கும் அக்காவின் மேஜைக்கு வரும். அக்கா நாகர்கோவில்காரர். கூடப் பிறந்த மூவரும் நர்ஸ்கள். அந்தப் பட்டியலுக்கு அவர் வைத்த பெயர் 'சண்டைப் புஸ்தகம்'.

எதிர் மேஜைக்காரன் டெல்லியிலேயே பிறந்தவன். வீட்டில் கும்பகோணத்துத் தமிழ், வெளியே இந்தி. தமிழ் எழுத்தைப் பார்த்தால் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் படிப்பான். நான் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்து தமிழ்ப் பள்ளியில் படித்தவள். இந்த ஒரு விஷயத்தில் அவனைவிட நான் உசத்தி என்பதை அடிக்கடி ஞாபகப்படுத்துவேன்.

அந்தக் குளிர்காலத்தில் சந்தை இருந்த இடத்திலேயே நின்று ஆடியது. திங்கட்கிழமை உச்சத்தைத் தாண்டும். என் புரோகிராம் ஆவலாகப் போய் வாங்கும். வியாழக்கிழமைக்குள் பழைய இடத்துக்கு இறங்கிவிடும். எனக்கு வெட்டு, அவனுக்கு லாபம். மூன்று மாதம் இதே கதை. எனக்கு வெட்டு விழுந்த ஒவ்வொரு முறையும் அவன் என் கீபோர்டின் மேல் ஒரு பேண்ட்-எய்ட் வைத்துவிட்டுப் போவான். ஒரு வாரத்தில் பதினொன்று சேர்ந்தன. கீழே தெருவில் மருந்துக்கடைக்காரரிடம் மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி கிடைக்குமா என்று அவன் இந்தியில் விசாரித்தது மாடி வரை கேட்டது.

எனக்கு இதற்கெல்லாம் பதில் தெரியும். இப்படி ஆடுகிற சந்தை அவனுக்கானது. ஒரு திசையில் தொடர்ந்து போகிற சந்தை எனக்கானது. அது வரும்வரை அடி வாங்கிக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. முதலாளிக்கு நானே பலமுறை சொன்ன பாடம். ஆனால் அந்த வாரத்துப் பதினோராவது பேண்ட்-எய்டுக்குப் பிறகு பாடம் மறந்துபோயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், எல்லோரும் சோலே பட்டூரா சாப்பிடப் போயிருந்த நேரத்தில், என் புரோகிராமில் வாங்குவதை விற்பதாகவும் விற்பதை வாங்குவதாகவும் மாற்றினேன். வெளியேறும் இடத்தைச் சராசரிக்கு நகர்த்தினேன். நானும் மீன் ரிவர்ஷன்காரி ஆனேன். யாரிடமும் சொல்லவில்லை. முதலாளி தொடர் கல்யாணங்களுக்காக லூதியானாவில் இருந்தார். அக்கா தன் தங்கை மகள் கல்யாணத்துக்கு மூன்று வாரம் லீவில் ஊருக்குப் போயிருந்தார். அவர் இடத்தில் இருந்தவர் நஷ்டம் வரம்பைத் தாண்டுகிறதா என்று மட்டும் பார்ப்பார். தாண்டாதவரை தலை நிமிரமாட்டார்.

அடுத்த திங்கட்கிழமை சந்தை ஓட ஆரம்பித்தது.

ஏதோ ஓர் அறிவிப்பு. வங்கிப் பங்குகள் ஏறின, பின்னாலேயே இரும்பு ஏறியது. மறுநாளும் ஏறியது, அதற்கு மறுநாளும். மூன்று மாதமாக நான் தவம் கிடந்த ஓட்டம் இதுதான். நான் அதை எதிர்த்து விற்றுக்கொண்டிருந்தேன். அவனும் எதிரே உட்கார்ந்து விற்றுக்கொண்டிருந்தான். விலை தள்ளிப் போகப் போக இன்னும் கொஞ்சம் விற்றான், இப்போது திரும்பிவிடும், இப்போது திரும்பிவிடும் என்று. திரும்பவில்லை. விலை சராசரியிடம் வருவதற்குப் பதிலாக, சராசரிதான் மூச்சிரைக்க விலையின் பின்னால் ஓடியது.

இங்கே நான் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் அமைதியாக இருந்திருந்தால் அவனுக்குச் சந்தேகம் வந்திருக்கும். ஓட்டம் வந்தால் நான் ஆடித் தீர்ப்பேன் என்பது அலுவலகத்துக்கே தெரியும். அதனால் ஒரு தாளில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி அவன் திரையில் ஒட்டினேன்: 'காணவில்லை. பெயர்: சராசரி. கடைசியாகப் பார்த்தது: போன வெள்ளிக்கிழமை. கண்டுபிடித்துத் தருவோருக்கு ஒரு பேண்ட்-எய்ட் டப்பா இலவசம்.' அவன் அதை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்து முடிப்பதற்குள் மாடி முழுக்கக் கூடிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் திரையில் அவனுக்குச் சமமான நஷ்டம் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. ஒருவர் திரை இன்னொருவருக்குத் தெரியாதபடி மேஜைகள் போட்டிருந்த புண்ணியவானை மனதுக்குள் கும்பிட்டேன்.

இரண்டாவது வாரக் கடைசியில் அவன் டீயோடு என் மேஜைக்கு வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"மான் லியா யார், ஒத்துண்டேன். உன் ஸ்ட்ராட்டஜிதான் கரெக்ட். நன்னா சம்பாதிச்சிருப்பே."

"ஏதோ பரவாயில்ல," என்றேன்.

அன்று அவன் போன பிறகு மனசாட்சியும் நஷ்டமும் சேர்ந்து உறுத்தின. திங்கட்கிழமை காலை முதல் வேலையாகப் பழையபடி மொமென்டத்துக்குத் திரும்பினேன். ஓட்டம் இன்னும் மிச்சமிருக்கும் என்று கணக்கு.

மிச்சமில்லை. அந்த வாரத்திலிருந்து சந்தை மறுபடி நின்ற இடத்தில் ஆடியது. உச்சத்தைத் தொடும், இரண்டு நாளில் இறங்கும். எனக்கு வெட்டுமேல் வெட்டு. ஆனால் என் கீபோர்டின் மேல் ஒரு பேண்ட்-எய்ட்கூட விழவில்லை. தோற்ற மனுஷன் அடக்கமாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அவன்மேல் பரிதாபம்கூட வந்தது.

அக்கா லீவிலிருந்து திரும்பினார். நேந்திரங்காய் வறுவல் கொடுத்தார். சண்டைப் புஸ்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். பதினைந்து நாள் தாள்களும் வெறுமையாக இருந்தன. வேலை மிச்சம் என்று முதலில் சந்தோஷப்பட்டாராம். இரண்டாவது டம்ளர் டீக்குப் பிறகுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"என்ன மக்களே, மூணு வாரமா ஒரு சண்டகூட இல்ல? ஒருத்தி வாங்கி ஒருத்தன் விக்கணும்லா. ரெண்டு பேரும் ஒரே பக்கமா நின்னுட்டு இருந்தீங்களா?"

நான் அவனைப் பார்த்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தான். அக்கா எங்கள் இருவர் புரோகிராம்களையும் ஒரே திரையில் திறக்கச் சொன்னார்.

திறந்ததும் விஷயம் வெளியே வந்தது. முதல் இரண்டு வாரம் இருவருமே ஓட்டத்தை எதிர்த்து விற்றிருக்கிறோம். மூன்றாவது திங்கட்கிழமை, நான் திரும்பிய அதே காலையில், அவனும் ரகசியமாக மொமென்டத்துக்கு மாறியிருக்கிறான். விலை எல்லையைத் தாண்டினால் வாங்கு, சராசரிக்கு இறங்கினால் வெளியேறு. எனக்கு விழுந்த அத்தனை வெட்டும் அவனுக்கும் விழுந்திருந்தது.

அவன் என் பக்கம் மெதுவாகத் திரும்பினான். "அப்போ அந்தக் காணவில்லை நோட்டீஸ் ஒட்டினப்போ, நீயும் அதே ஓட்டைப் படகுலதான் இருந்தியா?"

"ஆமா."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். நிறுத்த முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கும் வந்துவிட்டது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் தோற்பதும் வேறு வேறு காலத்தில் நடக்கும், ஒருவர் குழியை இன்னொருவர் நிரப்புவார் என்றுதான் முதலாளி இரண்டு பேருக்கும் சம்பளம் கொடுக்கிறார், நீங்கள் கைகோத்துக்கொண்டு ஒரே குழியில் இரண்டு தடவை விழுந்திருக்கிறீர்கள் என்றார். அதற்குப் பிறகு எங்களுக்கும் சிரிப்பு வரவில்லை.

முதலாளி கல்யாணங்களை முடித்துவிட்டு வந்தார். கத்தவில்லை. ஒரு வாரம் இரண்டு புரோகிராம்களையும் நிறுத்திவைத்துவிட்டு, ஒரு தண்டனை கொடுத்தார். அவன் போர்டு முன்னால் நின்று மொமென்டத்துக்கு வக்காலத்து வாங்கிப் பேச வேண்டும், நான் மீன் ரிவர்ஷனுக்கு. இந்தியில், கீழ்க் கடை வேலைப் பையன்களுக்கும் புரிகிற மாதிரி.

அவன் நன்றாகவே பேசினான். புதுச் செய்தி எல்லோருக்கும் ஒரே நாளில் உறைப்பதில்லை, பெரிய பணம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே வரும், அந்த இடைவெளியில்தான் ஓட்டம் பிறக்கிறது என்றான். மொமென்டத்துக்குப் பெரிய ஆபத்து, சரிந்த சந்தை சட்டென்று மேலே துள்ளும் நாள்கள் என்றும் சேர்த்துக்கொண்டான். அதை நான் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. நான் என் பங்குக்கு, செய்தி எதுவும் இல்லாமல் யாரோ அவசரத்தில் விற்பதால் மட்டும் விலை தள்ளிப் போயிருந்தால் அது திரும்பும், நிஜமான காரணத்தோடு போயிருந்தால் திரும்பாது, எது எது என்று அந்த நேரத்தில் தெரியாததுதான் சிக்கல் என்றேன். முதலாளி, கரோல் பாக்கில் மூன்று தலைமுறையாகத் துணி விற்ற குடும்பம், தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். கடைசியில், சந்தை எந்த மாதிரி இருக்கிறது என்பது உங்களுக்கு எப்போது தெரிகிறது என்று மட்டும் கேட்டார். முடிந்த பிறகு என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம்.

பணத்தை இரண்டு புரோகிராம்களுக்கும் சரிபாதியாகப் பிரித்தார். அதோடு அக்கா ஒரு படிவம் அடித்தார்: இனி யாராவது தன் புரோகிராமின் திசையை மாற்ற வேண்டுமானால் எதிர் மேஜைக்காரரின் கையெழுத்து வேண்டும்.

ஹோலி கழிந்து, சந்தை இரண்டு வாரம் இறங்கிக்கொண்டே இருந்தது. எனக்கு நல்ல காலம். அவன் படிவத்தோடு வந்து நின்றான். காரணம் என்ற இடத்தில் 'தாங்க முடியவில்லை' என்று தமிழில், இரண்டு பிழைகளோடு எழுதியிருந்தான். பிழைகளைச் சிவப்பு மையில் திருத்திக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான். நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாவது நாள் சந்தை திரும்பியது, மாறாமல் நின்ற அவன் நஷ்டமும் கரைந்தது. அவன் எழுந்து வந்து, நான் கேட்காமலே, என் மேஜை மேல் ஒரு தட்டு ஜிலேபி வைத்துவிட்டு, திருத்தின பிழை எது எது என்று ஒருமுறை சொல்லித் தரச் சொன்னான்.