பயந்த கை அழுத்திய பட்டன்

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டாலும் பயம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பஸ் ரிவர்ஸில் வரும்போது, டிரைவர் கண்ணாடியைப் பார்க்கிறாரா என்று நான்தான் குனிந்து பார்ப்பேன். இப்படிப்பட்ட நான், இரண்டு பேர் நின்று அடித்துக்கொள்ளும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைச் செய்யப் போனேன் என்றால் என் அம்மாவே இன்னும் நம்பவில்லை.

நான் புரோகிராம் எழுதுகிறவள். படம் வரைகிறவள் என் கல்லூரித் தோழி, கல்வராயன் மலைக்காரி. அவள் வீட்டில் சாமையும் கடுகும் போடுகிறார்கள். துருகம் ரோட்டில் ஓர் உரக்கடைக்கு மேலே அறை பிடித்தோம். மூட்டை இறங்குகிற நாளில் யூரியா வாசம் மேலேறி வந்து கீபோர்டுக்குள்ளேயே குடியிருக்கும்.

எங்கள் விளையாட்டின் நாயகி கரும்பு வெட்டுகிறவள். முதலில் காலால் ஓர் உதை, அடுத்து கரும்பின் அடிக்கட்டையால் ஓர் இடி, மூன்றாவதாக முழுக் கரும்பையும் சுழற்றி ஒரே வீச்சு. வீச்சில் எதிராளி மேலே பறப்பான். மூன்றும் தொடர்ந்து விழுந்தால் அது ஒரு காம்போ, நடுவில் எதிராளியால் தடுக்க முடியாது. விளையாட்டு முழுக்க அந்த மூன்று அடியின் மேல்தான் நின்றது.

இதில் எல்லாக் கணக்கும் ஃபிரேமில். ஒரு நொடியை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு ஃபிரேம். ஓர் அடிக்கு ஓங்கும் ஃபிரேம்கள் உண்டு, படும் ஃபிரேம்கள் உண்டு, கையைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் ஃபிரேம்களும் உண்டு. இழுத்துக்கொள்ளும்போது எதிராளி அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் இடி எதிராளிமேல் பட்டுவிட்டால், திரும்ப இழுப்பதை வெட்டிவிட்டு நேராக வீச்சுக்குப் போகலாம் என்று வைத்திருந்தோம்.

மனிதக் கை அறுபதில் ஒரு பங்கு நொடிக்குச் சரியாகப் பட்டனை அழுத்துமா? அழுத்தாது. அதற்குத்தான் பஃபர். கொஞ்சம் முந்தி அழுத்தினாலும் விளையாட்டு அந்த அழுத்தலை ஆறு ஃபிரேம் ஞாபகம் வைத்திருக்கும். அதற்குள் வாய்ப்பு வந்தால் அடி கிளம்பும், வராவிட்டால் மறந்துவிடும். அதை நான் ஆசையாக எழுதினேன். பயந்த கை எப்போதும் முந்தும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

இன்னொன்றும் உண்டு. அடி விழுந்த கணத்தில் இரண்டு பேரும் சில ஃபிரேம் அப்படியே உறைந்து நிற்பார்கள். கண்ணுக்கு அது நிற்பதாகவே தெரியாது, அடி பலமாக விழுந்ததாகத் தெரியும். நான் நாலு ஃபிரேம் வைத்திருந்தேன். தோழிக்குப் போதவில்லை.

“இன்னாடி இது, பஞ்சு மூட்டையில குத்தின மாதிரி கீது. இன்னும் கொஞ்சம் நிறுத்துடி.”

ஐந்தாக்கினேன். சில நாள் ஆடிப் பார்த்துவிட்டு மறுபடியும், “இன்னும் ஒண்ணே ஒண்ணு,” என்றாள். இப்படி ஒவ்வொன்றாக ஏறி இடியின் உறைவு பத்து ஃபிரேமில் வந்து நின்றது. உண்மையைச் சொன்னால், அடி பிரமாதமாக இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் காம்போ தவறவே இல்லை.

பிறகுதான் தொந்தரவு ஆரம்பித்தது. ஆடிப் பார்க்க வந்த கல்லூரிப் பிள்ளைகள், “மூணாவது அடி வர மாட்டேங்குதுக்கா,” என்றார்கள். தியாகதுருகத்திலிருந்து வந்த என் அத்தை மகனும் அதையே சொன்னான். நான் கண்ட்ரோலரை வாங்கி ஆடினால் மூன்றும் மணி மணியாக விழும். அவன் கையில் கொடுத்தால் இரண்டோடு நிற்கும்.

“அவுங்களுக்குக் கை பழகல. நீ ஏன் சும்மா பயந்துகினு கெடக்கற?” என்றாள் தோழி.

எனக்குச் சமாதானம் ஆகவில்லை. பழுது கண்ணுக்குத் தெரிந்தால் சரி செய்யலாம். நான் பார்க்கும்போது ஒளிந்துகொண்டு, ஊரார் பார்க்கும்போது வெளியே வருகிற பழுதை என்ன செய்வது? எழுதிய வரிகளை மேலிருந்து கீழே படிப்பேன், எல்லாம் சரியாக இருக்கும். அதுவே இன்னும் பயமாக இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஓர் அம்மா வருவதாகச் சொன்னார். விளையாட்டுகளை எடுத்து வெளியிடும் நிறுவனத்துக்காரர். அவர் எடுத்துக்கொண்டால் எங்கள் வேலை தொடரும். எடுக்காவிட்டால் தோழி பெங்களூருக்குப் போய் விளம்பரப் படக் கம்பெனியில் சேர வேண்டும். வரச் சொல்லிவிட்டார்கள், இவளும் தலையாட்டிவிட்டாள். சென்னை அம்மா வருகிற அன்று சாயங்காலமே இவளுக்குப் பஸ். அவள் பை அறையின் மூலையில், மானிட்டர் வந்த அட்டைப்பெட்டியின் மேல் இருந்தது. அந்தப் பக்கம் நான் திரும்பவே இல்லை.

அவர் காலையில் வந்தார். டீ வேண்டாம் என்றார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “நான் அப்புறம் ஆடறேன். முதல்ல செஞ்சவங்க ஆடிக் காட்டுங்க,” என்றார்.

வரைந்தவள் ஆடட்டும் என்று தோழியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே அதட்டினாள். கண்ட்ரோலரை எடுத்தேன். உள்ளங்கை வேர்த்து அது வழுக்கியது. உதை விழுந்தது. இடி விழுந்தது. வீச்சு வரவில்லை.

கரும்புக்காரி கரும்பைத் திரும்ப இழுத்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தாள். எதிரில் கம்ப்யூட்டர் ஆட்டிய ஆள் அவள் முகத்தில் ஒன்று வைத்தான். மறுபடி ஆடினேன். உதை, இடி, அவ்வளவுதான். இன்னொரு தரமும் அதே கதி. எத்தனையோ மாதம் ஒரு தரம்கூட தவறாத கை. என் காதில் ரத்தம் ஓடுவது எனக்கே கேட்டது.

“பட்டன் அழுத்துனீங்களா?” என்று அந்த அம்மா கேட்டார். கோபமில்லாமல்தான் கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“அழுத்துனேங்க.”

பயிற்சித் திரையில் அழுத்திய பட்டன்கள் ஓரமாக வரிசையாகத் தெரியும்படி வைத்திருந்தோம். அதைப் போட்டேன். மூன்று பட்டனும் இருந்தன. அழுத்தியிருக்கிறேன், அடி மட்டும் வரவில்லை. ஊரார் கையில் ஒளிந்திருந்த பழுது இப்போது என் கையில் வந்து உட்கார்ந்திருந்தது.

என் கையை உற்றுப் பார்த்தேன். இன்றைக்கு இந்தக் கையில் என்ன வித்தியாசம்? பயம் ஒன்றுதான். பயந்த கை முந்தும்.

ஆட்டத்தை நிறுத்தி, பஃபரின் ஞாபகம் இன்னும் எத்தனை ஃபிரேம் மிச்சம் என்பதையும் திரையில் காட்ட வைத்து, நான் கடைசியாக ஆடியதையே ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். இடி விழுந்தது. இருவரும் உறைந்தார்கள். உறைந்த உடனேயே என் பட்டன் பதிந்தது. ஆறு. அவர்கள் அசையவில்லை. ஐந்து. அசையவில்லை. நாலு, மூன்று என்று ஞாபகம் கரைந்துகொண்டே போய்ப் பூஜ்யமானது. அதற்குப் பிறகுதான் உறைவு கலைந்தது. வீச்சுக்கான வாய்ப்பு வந்தபோது நான் அழுத்தியதே விளையாட்டுக்கு ஞாபகமில்லை.

உறைவு நாலு ஃபிரேமாக இருந்தவரை ஆறு ஃபிரேம் ஞாபகம் தாராளம். ஒவ்வொன்றாக ஏறிப் பத்தானபோது அந்த ஞாபகம் பாதி வழியிலேயே செத்தது. எங்கள் கைகளும் அதோடு கூடவே ஒவ்வொரு ஃபிரேமாகத் தாமதித்துப் பழகிவிட்டன. பழுதுக்கு ஏற்றபடி ஆடக் கற்றுக்கொண்டு, ஆட்டம் நன்றாக இருக்கிறது என்று மெச்சிக்கொண்டிருக்கிறோம். தன் விளையாட்டைத் தானே ஓயாமல் ஆடுகிறவர்களுக்கு மட்டும் வரும் வியாதி இது. புதிதாக வந்தவன் அடி விழுவதைக் கண்டதும் அழுத்தியிருக்கிறான். அவனைக் கை பழகாதவன் என்றோம்.

“உறைஞ்சு நிக்கும்போது பஃபரும் நிக்கணும்ங்க. அது மட்டும் ஓடிக்கினு இருந்திருக்குது,” என்றேன்.

ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரியை அடிக்க எனக்கு நாலு தரம் பிழையானது. மறுபடி ஓடவிட்டு ஆடினேன். பயம் இன்னும் போகவில்லை, முந்தித்தான் அழுத்தினேன். உதை, இடி, வீச்சு. எதிராளி திரையின் மேல் விளிம்புவரை பறந்தான்.

அந்த அம்மா கண்ட்ரோலரை வாங்கி வெகுநேரம் ஆடினார். பிறகு, “ஆஃபீஸ்ல எல்லாரும் ஆடிப் பார்த்துட்டுச் சொல்றோம்,” என்று அந்தப் பதிப்பை வாங்கிக்கொண்டு கிளம்பினார். முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. படியில் அவர் செருப்புச் சத்தம் தேய்ந்து போவதை நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

தோழி மூலையிலிருந்த பையைப் பார்த்தாள். மலையில் வளர்ந்தவளுக்குப் பயமே கிடையாது என்று நான் கல்லூரியிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

“எனக்கு ரொம்ப பயமா கீதுடி,” என்றாள். “வூட்ல இன்னா சொல்றதுன்னு தெரியல.”

“அப்ப போ. பதில் வந்தா நானே கூப்பிடறேன்,” என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்ததோ தெரியவில்லை. அவள் போய்விடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அவள் போனை எடுத்தாள். பெங்களூர்க்காரரிடம், “நான் வரலைங்க சார். இங்க வேலை இருக்குதுங்க,” என்று சொல்லிவிட்டு வைத்தாள். வேலை இருக்கிறதா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவளும் என்னைப் போலவே, பதில் வருவதற்கு முன்பே அழுத்திவிட்டாள்.

பதில் வரும்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. இவளைக் கெடுத்துவிட்டேனோ என்ற பயம் எந்த நேரமும் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. ஒரு மத்தியானம் மின்னஞ்சல் வந்தது. அதைத் திறக்க எனக்குக் கை வரவில்லை, அவள்தான் திறந்தாள். படித்தாள். முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். எனக்கு உயிரே போய்விட்டது.

“எடுத்துக்கறாங்களாம்டி,” என்றாள் துணிக்குள்ளிருந்து.

நான் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அவளும் கொஞ்சநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் படித்தவள், புருவத்தைச் சுளித்தாள்.

“இடிக்கு உறைவு ஜாஸ்தியாம். ரெண்டு ஃபிரேம் கம்மி பண்ணணுமாம். முடியாதுன்னு எழுதுடி.”

பயந்துகொண்டே கீபோர்டை என் பக்கம் இழுத்தேன்.